‘பயங்கரவாதி’ என்று தட்டச்சு செய்யும் முன்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் செய்தி மேசையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பதினெட்டு ஆண்டுகள் இரவுப் பணியில் ஏஜென்சி செய்திகளைத் தமிழாக்கியவன் நான். ஆங்கிலச் செய்தியில் ‘மிலிட்டன்ட்’ என்று வந்தாலும் ‘எக்ஸ்ட்ரீமிஸ்ட்’ என்று வந்தாலும் என் கை ‘தீவிரவாதி’ என்றுதான் எழுதும். ‘டெரரிஸ்ட்’ என்று வந்தால், தலைப்பில் இடம் இருந்தால் ‘பயங்கரவாதி’, இல்லாவிட்டால் அதற்கும் ‘தீவிரவாதி’. நாற்காலி மாறினாலும் அந்தப் பழக்கம் இன்றும் மாறவில்லை என்பதை உங்கள் பக்கங்களில் பார்க்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் மனித வெடிகுண்டு வெடித்தது. ராஜீவ் காந்தியோடு பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் கூட்டத்துக்கு வந்தவர்களும் இறந்தார்கள். வழக்கு பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் நடந்தது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. இது பயங்கரவாதம் இல்லை என்று யாராவது சொல்வார்களா?

உச்ச நீதிமன்றம் சொன்னது. 1999 மே 11 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, இந்தக் கொலை தடா சட்டத்தின் பொருளில் ‘பயங்கரவாதச் செயல்’ ஆகாது என்று தீர்ப்பளித்தது. காரணம், தடாவின் 3-ஆவது பிரிவில் இருந்த நோக்கம் என்ற நிபந்தனை. குண்டு வைத்தால் மட்டும் போதாது. அரசை அச்சுறுத்திப் பணிய வைக்கவோ, மக்களிடையே பீதியைக் கிளப்பவோ, மக்களில் ஒரு பிரிவினரை அந்நியப்படுத்தவோ, சமூக நல்லிணக்கத்தைக் கெடுக்கவோ எண்ணி அதைச் செய்திருக்க வேண்டும். சதிகாரர்களின் எண்ணம் ராஜீவ் என்ற ஒருவரைக் கொல்வது. அமைதிப்படையை இலங்கைக்கு அனுப்பியதற்கான பழியும், அவர் மறுபடி ஆட்சிக்கு வந்துவிடுவார் என்ற அச்சமும் அதற்குப் பின்னால் இருந்தன. அரசைப் பணிய வைக்கும் நோக்கத்துக்குச் சான்று இல்லை என்றது நீதிமன்றம். கொலைக்கும் கூட்டுச்சதிக்கும் உரிய தண்டனை ஏழு பேருக்கு மட்டும் நின்றது: நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். மற்ற 19 பேர் விடுதலையானார்கள்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. சாதாரண வழக்கில் காவல்துறையிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது. தடாவில் காவல் கண்காணிப்பாளரிடம் கொடுத்தது செல்லும். தடா குற்றமே விழுந்த பிறகும் அந்த வாக்குமூலங்களை வைத்துக் கொலைக் குற்றத்தை நிரூபிக்கலாம் என்று அதே தீர்ப்பு சொன்னது. பயங்கரவாதம் என்ற பெயர் உதிர்ந்தது, அந்தப் பெயரால் திறந்த கதவு மட்டும் மூடவே இல்லை. ஒரு சொல்லின் வரையறையில் இவ்வளவு இருக்கிறது.

அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்? நெதர்லாந்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஷ்மிட், யோங்மனோடு சேர்ந்து 1988-ல் வெளியிட்ட ஆய்வில் 109 வரையறைகளைத் திரட்டிக் கூறுபோட்டார். வன்முறை என்ற கூறு 83.5 விழுக்காட்டில் இருந்தது. அச்சம் என்பது பாதியில்தான் இருந்தது. துறையினரிடம் கேள்வித்தாள் அனுப்பிக் கருத்துக் கேட்டு அவர் வகுத்த வரையறை, பயங்கரவாதத்தை அரசியல் கொலையிலிருந்து பிரித்தது. கொலையில், தாக்கப்படுபவர்தான் இலக்கு. பயங்கரவாதத்தில் தாக்கப்படுபவர் வழியாக வேறொருவருக்குச் சேதி போகிறது: சந்தையில் குண்டு வெடிக்கிறது, அதைப் பார்த்து நடுங்க வேண்டியவர்கள் ஊரும் அரசும். இந்த அளவுகோலிலும் ஸ்ரீபெரும்புதூர் எளிதாகப் பொருந்தாது. ஆனால் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம், அரசியல் கொலையைப் பயங்கரவாதத் தாக்குதலின் ஒரு வகையாகவே வைத்திருக்கிறது. அதே தரவுத்தளம் அரசுகள் செய்யும் வன்முறையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘உலகில் இத்தனை பயங்கரவாதத் தாக்குதல்கள்’ என்று அதிலிருந்து நாம் செய்தி போடும்போது, ஒரு விமானப்படை ஊர்மேல் குண்டு போட்டால் அது அந்த எண்ணிக்கைக்குள் வராது என்பதை வாசகருக்குச் சொல்வதில்லை.

ஐ.நா.வில் சிக்கல் இன்னும் ஆழம். பயங்கரவாதத்துக்கு எதிரான முழுமையான உடன்படிக்கை வேண்டும் என்று 1996-ல் வரைவு கொடுத்தது இந்தியா. இன்றுவரை அது நிறைவேறவில்லை. குற்றம் எது என்பதைவிட, யாருக்கு விலக்கு என்பதில்தான் முட்டி நிற்கிறது. ஆயுத மோதலில் ‘ஆயுதப் படைகள்’ செய்பவற்றுக்குப் போர்ச் சட்டம்தான் பொருந்தும், இந்த உடன்படிக்கை பொருந்தாது என்றது ஒரு வரைவு. அதை ‘மோதலில் ஈடுபட்ட தரப்புகள்’ என்று மாற்ற வேண்டும், அந்நிய ஆக்கிரமிப்பு நிலைமைகளையும் சேர்க்க வேண்டும் என்றது இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பு. அந்த ஒரு சொல் மாறினால் பாலஸ்தீனத்தில் ஆயுதம் ஏந்தியவரின் சட்ட நிலையே மாறும். காஷ்மீர் பற்றிய இந்திய, பாகிஸ்தான் வாதமும் அதன் மேல்தான் சாய்கிறது. எந்த அரசும் அதில் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

வரையறை இல்லாமலே கடமை மட்டும் வந்துவிட்டது. 2001 செப்டம்பர் 28 அன்று பாதுகாப்பு அவையின் 1373-ஆம் தீர்மானம், பயங்கரவாதத்தைக் கடுங்குற்றமாக்க எல்லா நாடுகளையும் கட்டாயப்படுத்தியது. பயங்கரவாதம் எது என்று சொல்லவில்லை. 2004-ல் 1566-ஆம் தீர்மானம் ஒரு விளக்கம் தருவதற்குள் ஒவ்வோர் அரசும் தன் வசதிக்கு ஏற்ற சட்டத்தை எழுதத் தொடங்கிவிட்டது. நம் நாட்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபாவையே பாருங்கள். அதன் 15-ஆவது பிரிவில் நோக்கத்தோடு, அத்தகைய விளைவு ‘ஏற்படக்கூடிய’ செயலும் சேர்ந்திருக்கிறது. 1999-ல் உச்ச நீதிமன்றம் தேடிக் காணாத நோக்கத்தை இனி அரசுத் தரப்பு நிரூபிக்கத் தேவையில்லை. பீதி ஏற்படக்கூடிய செயல் என்று காட்டினால் போதும். இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வழக்கு வந்திருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு தனிமனிதரை, விசாரணைக்கு முன்பே, மத்திய அரசு பயங்கரவாதி என்று அறிவித்துப் பட்டியலில் சேர்க்கவும் முடியும்.

பட்டியல்கள் அரசியலோடு நகர்பவை. இலங்கை அரசு 2002 செப்டம்பரில், பேச்சுவார்த்தைக்காக, விடுதலைப் புலிகள் மீதான தடையை நீக்கியது. 2009 ஜனவரியில் மறுபடி விதித்தது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் கொழும்பின் சட்டப்படி அது தடைசெய்யப்பட்ட இயக்கம் அல்ல. அதே காலத்தில் இந்தியாவில் 1992 தடை அப்படியே இருந்தது.

குண்டுக்குப் பலியானவர்களின் வீட்டாருக்கு இந்த வேறுபாடுகள் எதுவும் ஆறுதல் தராது என்பது தெரியும். அவர்கள் பட்டதைக் குறைத்து எழுதச் சொல்லவில்லை. எத்தனை பேர் இறந்தார்கள், எப்படி, யார் பொறுப்பேற்றார்கள் என்பதை இன்னும் விரிவாக எழுதுங்கள்.

கேட்பது இவ்வளவுதான். ‘பயங்கரவாதி’ என்ற சொல் வரும் இடத்தில், சொன்னது யார் என்று கூடவே போடுங்கள்: காவல்துறை சொன்னதா, உள்துறைப் பட்டியலா, நீதிமன்றத் தீர்ப்பா. வழக்கு எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் என்பது முதல் மூன்று பத்திகளுக்குள் வரட்டும். ‘மிலிட்டன்ட்’ என்றால் ‘ஆயுதக் குழுவினர்’ என்று எழுதலாம், ‘தீவிரவாதி’யை எல்லாவற்றுக்கும் நீட்ட வேண்டாம். கைதானவர் விடுதலையானால், கைதுச் செய்தி வந்த அதே பக்கத்தில் அதையும் போடுங்கள். அந்த 19 பேரும் பல ஆண்டுகள் நம் தலைப்புகளில் இருந்தவர்கள்.

அன்புடன்,
ஒரு முன்னாள் உதவி ஆசிரியர்