பாடக்குறிப்புப் படிவம் தயாரிக்கும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் சூழ்ந்த பகுதியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். 28 பிள்ளைகளில் 11 பேரின் வீட்டுமொழி இந்தி, போஜ்புரி அல்லது ஒடியா. வங்காளம் பேசும் பெண் ஒருத்தி மட்டும்.

நீங்கள் தரும் படிவத்தில் ‘புதிய சொற்கள்’ என்று ஓர் இடம் இருக்கிறது. ஆவியாதல் பாடத்துக்கு அங்கே ‘ஆவியாதல், நீராவி’ என்று எழுதிவிட்டு வகுப்புக்குப் போனேன். அந்தச் சொற்களில் யாரும் தடுமாறவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அவை புதியவைதானே! இந்தியில் ‘பாப்’, ஒடியாவில் ‘பாஷ்ப’ என்று அந்த மொழி பேசும் பிள்ளைகளே சொல்லவும் செய்தார்கள். “எந்தத் துணி எதை விட வேகமாகக் காய்ந்தது, ஏன்?” என்று கேட்டபோதுதான் வகுப்பு அமைதியானது. ‘விட’ என்றால் ஒரு பையனுக்குத் தெரிந்தது பள்ளியில் கொண்டுவந்து விடுவதுதான்.

இப்போது சொற்களை இரண்டு வரிசையாக எழுதுகிறேன். ஒன்று பாடச் சொல். மற்றது பதில் சொல்லத் தேவைப்படும் சொல்: விட, ஏனென்றால், வேகமாக. இரண்டும் சேர்ந்து ஐந்தைத் தாண்டுவதில்லை.

படத்திலும் பாடம் கற்றேன். புத்தகப் படத்தில் கடலிலிருந்து மேலே போகும் அம்புக்குறிகளைப் பார்த்து, மழை மேலே போகிறது என்றான் ஒருவன். அதனால் முதலில் பொருளைக் காட்டுகிறேன். ஒரே அளவில் இரண்டு பனியன் துண்டுகளை நனைத்து, ஒன்றை விரித்தும் மற்றதை மடித்தும் வெயிலில் வைக்கிறோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து, பிள்ளைகளே கட்டம் போட்டு வரைகிறார்கள். அப்புறம்தான் புத்தகப் படம்.

யாரை யாரோடு உட்காரவைப்பது என்பதில்தான் அதிகம் தவறினேன். தமிழ் நன்றாகத் தெரிந்த ஒடியா சிறுமியை மற்ற ஒடியாப் பிள்ளைகளோடு உட்காரவைத்தேன். அவள் மொழிபெயர்ப்பாளராகிவிட்டாள். நான் பேசும்போது அவர்கள் என்னைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவளுடைய நோட்டில் பாதிக் கட்டங்கள் காலி. இப்போது இரண்டு நிமிடம் வீட்டுமொழிக்காரரோடு யோசிக்கிறார்கள். பிறகு தமிழ்ப் பிள்ளையோடு உட்கார்ந்து, பலகையில் உள்ள வாக்கியத்தை மாறி மாறி நிரப்பிச் சொல்கிறார்கள்: “____ துணி ____ துணியை விட வேகமாகக் காய்ந்தது, ஏனென்றால் ____.” வங்காளம் பேசும் பெண்ணுக்கு அந்த முதல் இரண்டு நிமிடத்தில் பேச ஆள் இல்லை. அவள் வரைந்துகொள்கிறாள். இதற்கு வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

வரைந்த கட்டங்களைச் சரியான வரிசையில் அடுக்கிவிட்டு வாய் திறக்காத பிள்ளைக்கு அறிவியல் புரிந்திருக்கிறது, சொல்தான் வேண்டும். அடுக்கவே தெரியாவிட்டால் துணியை மறுபடி நனைக்க வேண்டும். மதிப்பீட்டில் இரண்டும் ஒரே மதிப்பெண்ணாகிவிடக் கூடாது.

எனவே படிவத்தில் மூன்று வரிகள் கேட்கிறேன்: பதில் சொல்லத் தேவையான சொற்கள், முதலில் காட்டும் பொருள், யாரோடு யார் எத்தனை நிமிடம் பேசுவது. ‘கற்பித்தல் துணைக்கருவி: படம்’ என்ற வரியை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும்.

அன்புடன்,
ஐந்தாம் வகுப்பு ஆசிரியை, திருப்பூர்