பூட்ஸ் அடியைப் பார்த்தாயா?

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததில் சந்தோஷம். இங்கே ஒரு வாரமாக விடாத மழை. மொட்டைமாடிக் கதவு உப்பிப்போய்ச் சாத்தவே வரவில்லை.

சரி, சண்டைக்கு வருகிறேன். 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007) பார்த்துவிட்டு, "கார்லா ஜீனைக் கொன்றானா இல்லையா என்றே காட்டவில்லை, பெரிய லாஜிக் ஓட்டை" என்று எழுதியிருக்கிறாய். அது ஓட்டையே இல்லையடா. அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார். கொலைகாரன் சிகுர் நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா கேட்கிறான். அவள் சொல்ல மறுக்கிறாள். அடுத்த ஷாட்டில் நாம் வீட்டுக்கு வெளியே இருக்கிறோம். அவன் வாசலுக்கு வந்து, நின்று, இரண்டு பூட்ஸின் அடியையும் பார்த்துக்கொள்கிறான்.

ஏன் பார்க்கிறான்? அதற்கு முன்பே ஓட்டல் அறையில், தன்னைத் தேடிவந்த வெல்ஸைச் சுட்டுவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருப்பான், ஞாபகம் இருக்கிறதா? தரையில் ரத்தம் அவனை நோக்கிப் பரவி வரும். பேச்சை நிறுத்தாமலே காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொள்வான். ரத்தம் காலில் படக்கூடாது என்பது அவன் சுபாவம் என்று நமக்கு அப்போதே சொல்லியாகிவிட்டது. கொலையை மட்டும்தான் இயக்குநர்கள் கோயன் சகோதரர்கள் காட்டாமல் விட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதை வைத்து அதை நாமே போட்டுக்கொள்ளலாம்.

ஓட்டை வேண்டுமென்றால் 'ஜுராசிக் பார்க்' (1993) பார். வேலிக்கு உள்ளே ஆடு கட்டியிருப்பது சாலையின் மட்டத்தில். டி-ரெக்ஸும் கம்பிகளை அறுத்துக்கொண்டு அதே மட்டத்தில்தான் சாலைக்கு நடந்து வருகிறது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் காரை வேலிக்கு உள்பக்கம் தள்ளுகிறது. இப்போது அங்கே ஒரு பாதாளம்! கார் கீழே ஒரு மரத்தில் போய்ச் சிக்குகிறது. சாலையோரம் கொஞ்சம் தள்ளி ஓர் அகழி இருந்திருக்கும் என்று ரசிகர்கள் வரைபடமெல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அது அவர்கள் தோண்டிய அகழி. படம் அப்படி ஒன்றைக் காட்டவே இல்லை. இங்கே எதையும் காட்டாமல் விடவில்லை பார். காட்டிய இரண்டும்தான் ஒன்றோடொன்று சேரவில்லை.

அதற்காக அந்தப் படம் மட்டமா என்றால், நான் தியேட்டரில் பார்த்தபோது அந்தக் காட்சியில் மூச்சுவிடவே மறந்தேன். பள்ளம் எங்கிருந்து வந்தது என்று உறைத்தது வருஷங்கள் கழித்து டிவியில், அதுவும் விளம்பர இடைவேளையில்.

கோயன் படத்தில் நீ சொன்ன இன்னொரு குறை, கார்லா ஜீனின் கணவன் மாஸ் சாவதைக் காட்டாதது. அதில் உன் எரிச்சல் எனக்குப் புரிகிறது. அவ்வளவு நேரம் அவன் பின்னாலேயே ஓடவிட்டு, கடைசியில் பிணத்தை மட்டும் காட்டுகிறார்கள். பிடிக்கவில்லை என்று சொல், ஒத்துக்கொள்கிறேன். லாஜிக் இல்லை என்று மட்டும் சொல்லாதே.

தீபாவளிக்கு வருகிறாய்தானே? கதவைச் செதுக்க ஓர் ஆள் வேண்டும்.

உன்,
பாலு