யாருடைய தாள் என்று எங்களுக்குத் தெரியுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் தமிழ்நாட்டு பிளஸ் டூ முடிவுகளைப் பற்றிய கட்டுரையில், 'யாருடைய தாள் என்று திருத்துகிற வாத்தியாருக்குத் தெரியாதா என்ன?' என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்திருந்தது. டர்பனில் மகள் வீட்டில் அதைப் படித்த எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. வேதியியல் ஆசிரியராக இருந்து, கோடை விடுமுறையை எல்லாம் விடைத்தாள் திருத்தும் மையத்தில் தொலைத்தவன் நான். 'வாத்தியாருக்கு என்ன, மே மாசம் லீவுதானே' என்று நீங்கள் முன்பு ஒருமுறை தலையங்கத்தில் கிண்டலடித்ததையும் மறக்கவில்லை.

தாங்கள் அறியாததல்ல. எங்கள் காலத்தில் விடைத்தாள் முகப்பின் இரண்டு பகுதிகளிலும் ஒரே டம்மி எண்ணைப் போட்டு, பதிவெண் உள்ள பகுதியைக் கிழித்துத் தனியே சீல் வைத்துவிடுவார்கள். மீதித் தாள் கட்டுக்கட்டாக வேறு மாவட்டத்துக்குப் போகும். பின்னாளில் பார்கோடு வந்தது. என் மேசைக்கு வந்ததெல்லாம் ஓர் எண்ணும் ஒரு கையெழுத்தும்தான். இங்கே பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதும் நம் பிள்ளைகளும் தாளில் பெயர் எழுதுவதில்லை, தேர்வு எண்தான். டிசம்பரில் அவற்றைத் திருத்துகிறவர்களைப் பற்றி இப்படி எழுதுவீர்களா?

தவறே நடப்பதில்லை என்று சொல்லவில்லை. அது நடக்கிற இடம் வேறு. காலையில் 12 தாள், மதியம் 12 தாள். ஒரு மாணவி 5 மதிப்பெண் கேள்விக்குப் பாதி விடையை நடுவில் எழுதிவிட்டு, மீதியைக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள். திருத்துகிறவர் முன்பாதிக்கு 3, பின்பாதிக்கு 2 போடுகிறார். ஆனால் முகப்பில் அந்தக் கேள்விக்கு எதிரே 3 மட்டும் ஏறுகிறது. கேள்விவாரியாகக் கூட்டினால் 61, பக்கவாரியாகக் கூட்டினால் 63. இடிக்கிறதா? திருத்திய தாளைச் சரிபார்க்கும் ஸ்க்ரூட்டினி ஆபீசர் பிடித்துவிடுவார்.

சரி, திருத்துகிறவர் கடைசிப் பக்கத்தையே பார்க்காமல் விட்டால்? இரண்டு கூட்டலும் 61 என்று சமர்த்தாக ஒத்துப்போகும். சிவப்பு மை படாத விடை எங்காவது இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் புரட்டினால்தான் தெரியும். அந்த ஒரு ஆபீசரிடம் பல பேர் திருத்திய தாள்கள், அதுவும் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால்தான் மொத்தமாக வந்து குவியும். அந்த அறையில் மின்விசிறி சுற்றியதா என்றும் உங்கள் கட்டுரையாளர் விசாரித்திருக்கலாம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஊரில் சொந்தக்காரப் பிள்ளைகள் எழுதியிருந்தால், எடுத்த எடுப்பில் மறுகூட்டலுக்குப் போகாமல் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். நகல் கையில் இருந்தால்தான் மறுமதிப்பீடும் கேட்க முடியும். அப்புறம், போன கடிதத்தில் என்னைப் 'பேராசிரியர்' ஆக்கியிருந்தீர்கள். நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியன். அப்படியே போடவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
டர்பன்