முதுசொமும் தேடியதேட்டமும்: பிள்ளைகளுக்குச் சொத்து விடுவது எதுவரை நியாயம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நன்கொடைகளுக்கும் வழியுரிமையாகக் கிடைக்கும் சொத்துகளுக்கும் 2025இல் வரி கொண்டுவருவதாக, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டில் இலங்கை அரசாங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. அதையொட்டி எழுந்த பேச்சுகளில் நம்மவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: நான் பாடுபட்டுச் சேர்த்ததை என் பிள்ளைக்குக் கொடுக்கும்போது அதில் பங்கு கேட்க அரசாங்கத்துக்கு என்ன உரிமை? கேள்வி நேர்மையானது. கணக்காளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கும் வெள்ளவத்தையில் ஒரு வீடு உண்டு. அது என் மகளுக்கே போகும். ஆயினும், இக்கேள்வி கொடுப்பவரின் பக்கத்தில் நின்று மட்டுமே கேட்கப்படுகிறது என்பதால், பெறுபவரின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கத் தங்கள் பத்திரிகையில் சற்று இடம் தர வேண்டுகிறேன்.

முதலில் ஓர் எளிய கணக்கு. கொழும்பில் ஒரே நிறுவனத்தில் ஒரே பதவியில் இருக்கும் இரு இளைஞர்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் மாதச் சம்பளம் 3 இலட்சம் ரூபாய். 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறையிலுள்ள விகிதங்களின்படி இருவரின் சம்பளத்திலிருந்தும் மாதந்தோறும் 18,500 ரூபாய் வருமான வரியாகக் கழிக்கப்படும். ஒருவருக்கு அவருடைய தந்தை வெள்ளவத்தையில் 10 பேர்ச் காணியுடன் வீட்டை நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுக்கிறார்; அதன் பெறுமதி 10 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர் மலையகத் தோட்டமொன்றில் பிறந்தவர். மாதம் 80,000 ரூபாய் வாடகை கொடுத்து ஒரு வீட்டின் மேல்மாடியில் இருக்கிறார். பத்து ஆண்டுகளில், வாடகை ஒரு சதமும் ஏறாவிட்டாலும், அவர் 96 இலட்சம் ரூபாய் கொடுத்திருப்பார். முதலாமவர் அதே தொகையைச் சேமித்திருப்பார், அல்லது அதை முதலாக வைத்து ஒரு தொழிலைத் தொடங்கி, அது நட்டப்பட்டாலும் தலைக்கு மேல் கூரை இருக்கிறது என்ற துணிவில் இன்னொன்றைத் தொடங்கியிருப்பார். திறமையிலும் உழைப்பிலும் இருவருக்கும் இடையில் வேறுபாடு எதையும் நான் இக்கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த 10 கோடி ரூபாய் வீடு கைமாறும்போது பொதுப் பணப்பெட்டிக்கு என்ன வருகிறது? மேல் மாகாணத்தில் காணியை நன்கொடையாக எழுதினால் முதல் 50,000 ரூபாய்க்கு 3 வீதமும் எஞ்சியதற்கு 2 வீதமும் முத்திரை வரி. ஆக 20 இலட்சத்து 500 ரூபாய். அதே வீட்டை ஒருவர் தம் உழைப்பாற் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கினால் முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், எஞ்சியதற்கு 4 வீதம். ஆக 39 இலட்சத்து 99,000 ரூபாய். உழைத்து வாங்குபவரிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கு அறவிடும் ஒழுங்கை யாரும் அநியாயம் என்று கூறிக் கடிதம் எழுதியதாக எனக்கு நினைவில்லை. மரணத்தின் மீதான வரியும் இந்நாட்டுக்குப் புதியதல்ல. 1919ஆம் ஆண்டிலேயே சட்டமாகிப் பல பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்து, 1980களில் கைவிடப்பட்ட ஒன்றுதான் அது.

இனி அந்த உரிமையைப் பற்றி. 1844ஆம் ஆண்டின் மரணசாசனக் கட்டளைச் சட்டப்படி ஒருவர் தம் சொத்தைத் தாம் விரும்பிய எவருக்கும் எழுதிவைக்கலாம். பிள்ளைகள் அனைவரையும் விலக்கிவிட்டுக் கோயிலுக்கு எழுதினாலும் அந்தச் சாசனம் செல்லும். எனவே பிள்ளைக்கு அச்சொத்தைக் கோரும் உரிமை ஏதும் அங்கே இல்லை. கொடுப்பவரின் விருப்பம் மட்டுமே இருக்கிறது. அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். மகளின் நலத்தை எண்ணி ஒரு தாய் நகையை விற்காமல் வைத்திருப்பதும், தந்தை இரண்டு வேலை பார்ப்பதும் குடும்ப வாழ்வின் சாரம். அதைக் குற்றமாக்கும் எந்த ஒழுக்கவியலும் மனிதருக்கு ஆகாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஜோன் ஸ்டுவர்ட் மில் எடுத்துக்காட்டியதுபோல, கொடுக்கும் சுதந்திரமும் பெறும் அளவும் இரு வேறு விடயங்கள். யாருக்குக் கொடுப்பது என்பதை உடையவர் தீர்மானிக்கட்டும். உழைக்காமல் ஒருவர் எவ்வளவு பெறலாம் என்பதற்குச் சமூகம் ஓர் எல்லை வகுக்கலாம் என்பது அவருடைய வாதம். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. பத்துக் கோடியை ஒரே பிள்ளைக்குக் கொடுப்பதும் பத்துப் பேருக்குப் பகிர்ந்து கொடுப்பதும் கொடுப்பவருக்கு ஒரே அளவு சுதந்திரம்தான். சம வாய்ப்பின் கண்ணோட்டத்தில் மட்டும் இரண்டும் ஒன்றல்ல.

இதைவிட நுட்பமான ஒரு யோசனையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியச் சிந்தனையாளர் இயூஜினியோ ரிக்னானோ முன்வைத்தார். ஒருவர் தாமே தேடியதைப் பிள்ளைக்கு விடும்போது வரி குறைவாக இருக்கட்டும். அதே சொத்து பேரப்பிள்ளைக்குச் செல்லும்போது வரி மிகுதியாகட்டும். அதற்கும் அப்பால் செல்லும்போது பெரும்பகுதி பொதுவுக்கு வரட்டும் என்றார். உழைத்தவரின் நோக்கம் தம் பிள்ளைகளைத் தாங்குவதே. தாம் கண்ணாலும் காணப்போகாத தலைமுறையை உழைப்பிலிருந்து விடுவிப்பதல்ல என்பது இதன் அடிப்படை.

இதைக் கேட்டதும் யாழ்ப்பாணத்து வாசகர்கள் புன்னகைக்கக்கூடும். ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டு 1806இல் ஆங்கிலேயரால் நடைமுறைச் சட்டமாக ஏற்கப்பட்ட தேசவழமை, பெற்றோர்வழி வந்த முதுசொத்தையும் மணவாழ்வின்போது ஈட்டிய தேடியதேட்டத்தையும் வெவ்வேறாகவே வைத்திருக்கிறது. வந்த சொத்தும் தேடிய சொத்தும் ஒழுக்கரீதியிலும் சட்டரீதியிலும் ஒரே தன்மையன அல்ல என்பதை நம் முன்னோர் ரிக்னானோவுக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் அறிந்திருந்தார்கள். அவர்களுடைய நோக்கம் சமத்துவம் அன்று, குடும்பக் காணி வெளியே போகாமல் காப்பது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிவது நடைமுறையில் இயலாது என்போருக்கும் தேசவழமை வழக்குகளே ஓரளவு பதில் தருகின்றன. முதுசொக் காணியை விற்ற பணத்தில் கொழும்பில் வாங்கிய வீடு தேடியதேட்டமா? 1947ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி அல்ல. தனிச்சொத்தைக் கொடுத்து வாங்கியது தனிச்சொத்தாகவே இருக்கும். ஆனால் அந்தக் காணியிலிருந்து மணவாழ்வில் வந்த வருவாய் தேடியதேட்டத்தில் சேரும். தோப்பிலிருந்து வந்த தேங்காய்ப் பணத்தையும் ‘தேடியது’ என்று எண்ணுவதை ரிக்னானோ ஏற்றிருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். மேலும், பணம் வங்கிக் கணக்கொன்றில் கலந்துவிட்டால் எது எங்கிருந்து வந்தது என்பது சிக்கலாகிவிடும். நீதிமன்றம் ஒரு குடும்பத்துக்காக ஆண்டுக்கணக்கில் விசாரிக்கலாம். இறைவரித் திணைக்களம் இலட்சம் குடும்பங்களுக்கு அதைச் செய்ய முடியாது. ஆகவே ரிக்னானோவின் கொள்கையை நான் மதித்தாலும், அதை அப்படியே சட்டமாக்கக் கோரமாட்டேன்.

அயர்லாந்தின் முறை இதைவிட எளிது. அங்கே இறந்தவர் விட்டுச்சென்ற மொத்தத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் 1991 டிசம்பருக்குப் பின் பெற்றோரிடமிருந்து பெற்றவை கூட்டப்பட்டு, 4 இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட பகுதிக்கு 33 வீதம் வரி அறவிடப்படுகிறது. உயிருடன் இருக்கும்போது கொடுத்தாலும் இறந்த பின் கிடைத்தாலும் கணக்கு ஒன்றுதான். இது நமக்கு மிக முக்கியமானது. நம்மிடையே பெருஞ்சொத்துகள் மரணத்துக்காகக் காத்திருப்பதில்லை. தந்தை சீவிய உருத்தைத் தமக்கு வைத்துக்கொண்டு மகளின் திருமணத்தின்போதே உறுதியை முடித்துவிடுகிறார். மரணத்தை மட்டும் பிடிக்கும் வரி, நொத்தாரிசிடம் முன்கூட்டியே போக வசதியுள்ளவரைத் தப்பவிட்டு, திடீரென இறந்தவரின் குடும்பத்தை மட்டும் பிடிக்கும்.

வரி கட்டிச் சேர்த்ததற்கு இரண்டாம் முறை வரியா என்ற வாதத்துக்குக் காணியளவில் பதில் எளிது. கொழும்பில் அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு குடும்பம் வாங்கிய காணி இன்று கோடிகள் பெறுவது அந்தக் குடும்பத்தின் உழைப்பால் அல்ல. காலி வீதியும், ரயில் பாதையும், பாடசாலைகளும், நாடெங்கிலுமிருந்து இங்கே வந்து குடியேற விரும்பும் மக்களுமே அதன் காரணம். காணியை விற்காமல் வைத்திருக்கும்வரை அந்த உயர்வுக்கு எவரும் வரி கட்டியதும் இல்லை.

கல்வியும் ஆங்கிலமும் பழக்கவழக்கமும்கூடப் பிறப்பால் கிடைப்பவைதானே, பணத்தை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். பிள்ளைக்குக் கதை சொல்வதை நிறுத்தினால் வேறு எந்தப் பிள்ளைக்கும் அதனால் பயன் இல்லை. பணத்தில் ஒரு பகுதியை எடுத்தால் மஸ்கெலியாவில் ஒரு பாடசாலைக்கு விஞ்ஞான ஆய்வுகூடம் கிடைக்கும். 1945இல் இலவசக் கல்வி வந்தது பெற்றோரின் கையிருப்பு பிள்ளையின் எல்லையாகிவிடக் கூடாது என்பதற்காகவே. லயன் அறையில் பிறந்தவர்களில் பலருக்குத் தாங்கள் வாழ்ந்த வீட்டின் உறுதிகூட இல்லை; பெற்றோர் இறந்தால் ஊழியர் சேமலாப நிதியில் மிஞ்சியிருப்பதைத் தவிர வேறு முதுசொம் அவர்களுக்குக் கிடைப்பது அரிது.

என்னை உண்மையில் தடுமாறவைக்கும் எதிர்வாதம் வேறொன்று. 1983 யூலையில் இந்நகரில் வீடும் கடையும் எரிந்து, வெறுங்கையுடன் கப்பலேறியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் காக்கத் தவறிய அரசு, அவர்கள் மீண்டும் தேடிக்கொண்டதில் பங்கு கேட்பதை எப்படி ஏற்பது? இந்த அவநம்பிக்கைக்குக் காரணம் உண்டு. அதைப் பேராசை என்று ஒதுக்குபவர் நம் வரலாற்றை அறியாதவர். ஆனால் இவ்வாதம் எந்த அளவுக்குச் செல்லும்? ஒரு குடும்பம் மீண்டும் நிலைகொள்ளத் தேவையான அளவுக்கு. வசிக்கும் வீட்டுக்கும், தொழிலைத் தொடர வேண்டிய முதலுக்கும் தாராளமான விலக்கை இதன் பேரில் நான் ஆதரிப்பேன். மூன்றாவது அடுக்குமாடி வீட்டை அதே நினைவைக் காட்டிக் காப்பாற்ற முயல்வது, அன்று எல்லாவற்றையும் இழந்து இன்றும் வாடகைக்கு இருப்பவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஆகவே, சொத்தை விட்டுச்செல்வது நியாயமா என்றால், ஒரு தலைமுறை தன் பிள்ளைகளுக்கு நிலையான தொடக்கம் தரும் அளவுக்கு ஆம் என்பேன். அளவும் கணக்கும் இன்றி என்றால் இல்லை. வரி வருமானால், அது பெறுபவர் வாழ்நாளில் பெற்ற மொத்தத்தின் மீது இருக்கட்டும். உறுதியில் காட்டும் தொகையைக் குறைத்தெழுதும் வழக்கம் நம்மிடையே உள்ளதால், பெறுமதியை அரச மதிப்பீட்டாளர் நிர்ணயிக்கட்டும். கையில் காசின்றிக் காணி மட்டும் உள்ள விதவைக்கோ, சீவிய உருத்துடன் வீட்டில் இருக்கும் முதியவருக்கோ, அவர்கள் அங்கே வசிக்கும்வரை அறவீடு நிற்கட்டும். வீடு விற்கப்படும் நாளில் விலையிலிருந்து அது கழிக்கப்படட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.