"உள்ளேன் ஐயா" என்று யார் சொன்னாலும் நம்பும் வைஃபை: விடுதி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பாளர் ஐயா அவர்களுக்கும் கணினி மையப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். என் அறைத்தோழனுக்கு 2,000 ரூபாய் அபராதம் விதித்த கதையை மறுபடி சொல்லத் தேவையில்லை. அவன் போனை வைஃபையில் அடையாளம் காட்டும் மேக் முகவரியில் இரவு 2 மணிக்குப் படங்கள் இறங்கியிருக்கின்றன. அந்த நேரத்தில் அவன் தென்காசி பஸ்ஸில் இருந்தான், போனும் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. டிக்கெட்டைக் காட்டினான். "லாக்குல உன் போன்தானேப்பா இருக்கு" என்று அனுப்பிவிட்டீர்கள்.

சரி, அந்த லாக் என்னும் நெட்வொர்க் பதிவையே பார்ப்போம். அவன் உங்களிடம் பதிவு செய்தது ஒரே ஒரு போன். ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி பதிவில் முந்தின நாள் வரை அந்த மேக் முகவரிக்கு நேராகப் போனின் பெயர் இருக்கிறது. அந்த இரவில் மட்டும் `DESKTOP-` என்று தொடங்கும் ஒரு பெயர். போன் ஒரே இரவில் விண்டோஸ் கணினியாகிவிட்டதா? அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் அபராதமே வந்திருக்காது.

நம் விடுதி வைஃபைக்குக் கடவுச்சொல் கிடையாது. மேக் முகவரி பதிவேட்டில் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. அந்த முகவரியோ ரகசியமே இல்லை. போனும் வைஃபை சிக்னல் தரும் அக்சஸ் பாயிண்ட்டும் பரிமாறும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் தலைப்பிலும் அது அப்பட்டமாகப் போகிறது. உள்ளிருக்கும் தரவைப் பூட்டினாலும் தலைப்பு பூட்டப்படுவதில்லை. யாருடைய பொட்டலம் என்று தெரிய வேண்டுமே. வைஃபை அட்டையை, காற்றில் போகும் எல்லாப் பொட்டலங்களையும் கேட்கும் மானிட்டர் நிலைக்கு மாற்றி வராந்தாவில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால், எந்தெந்த முகவரிகள் உள்ளே இருக்கின்றன என்ற பட்டியல் திரையில் வந்துவிடும். உள்ளே இருப்பவை எல்லாம் நீங்கள் அனுமதித்தவைதானே! அதில் ஒன்றின் சொந்தக்காரர் ஊருக்குப் போகும்வரை காத்திருந்தால் போதும். அந்த முகவரியைத் தன் கருவிக்குப் போட்டுக்கொள்வது லினக்ஸில் மூன்று வரி (முகவரி உதாரணத்துக்கு):

```
sudo ip link set wlan0 down
sudo ip link set wlan0 address 00:00:5e:00:53:1f
sudo ip link set wlan0 up
```

வகுப்பில் ப்ராக்ஸி கொடுப்பதும் இதுவும் ஒன்றுதான். பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" என்று குரல் வந்தால் போதும், முகத்தை யாரும் பார்ப்பதில்லை. ப்ராக்ஸிக்காவது பிடிபட்டால் கொடுத்தவனைத் திட்டுவீர்கள். இங்கே வராதவனுக்கு அபராதம்.

அதனால்தான் கேட்கிறோம்: மேக் பட்டியலைப் பூட்டாக நம்புவதை விடுங்கள், ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள்.

இன்னொரு பக்கம், நேர்மையாக வருபவர்கள்தான் இந்தப் பட்டியலால் அல்லாடுகிறோம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்தே போன்கள் தங்கள் உண்மையான முகவரியை மறைத்து, நெட்வொர்க்குக்கு ஒன்றாகப் புது முகவரி காட்டுகின்றன. போனை ரீசெட் செய்தால் அதுவும் மாறலாம். உடனே படிவம், கையெழுத்து, வரிசை. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E என்பவற்றில் ஒன்றாக இருந்தால் அது போன் தானே போட்டுக்கொண்ட முகவரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் பதிவேட்டை ஒருமுறை புரட்டினால் இப்படி எத்தனை என்று தெரியும். பதிவேட்டுக்குப் பிளாஸ்டிக் அட்டை போட்டு வைத்திருக்கிறீர்கள், அது வேறு விஷயம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். மாற்று இதுதான். அக்சஸ் பாயிண்ட் அமைப்பில் `WPA2-Enterprise` என்ற தேர்வு இருக்கும். அதை, வருபவர் யார் என்று சரிபார்க்கும் ஒரு ரேடியஸ் சர்வரோடு இணைத்தால், மாணவர் பதிவு எண்ணும் சொந்தக் கடவுச்சொல்லும் போட்டு உள்ளே வருவார். FreeRADIUS இலவச மென்பொருள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சாவியில் தரவு பூட்டப்படும், படித்து முடித்துப் போனால் அந்தக் கணக்கை மட்டும் மூடலாம். லாக்கில் முகவரிக்குப் பதில் ஆள் பெயர் வரும். ஒரு கவனம் மட்டும்: சர்வரின் சான்றிதழைச் சரிபார்க்கும்படி ஒவ்வொரு போனையும் அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் இதே பெயரில் போலி வைஃபை வைத்துக் கடவுச்சொல்லைப் பிடுங்கிவிடலாம்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரே கடவுச்சொல் வைப்பது இப்போதைய நிலையைவிட மேல்தான். ஆனால் நானூறு பேர் உள்ள விடுதியில் அது ஒரு வாரம்கூட ரகசியமாக இருக்காது. பிரிண்டர், டிவி போலக் கணக்கு போட முடியாத கருவிகளுக்கு மட்டும் நீளமான கடவுச்சொல்லோடு தனி நெட்வொர்க் வையுங்கள். மேக் பட்டியல், எது யாருடைய கருவி என்று பார்க்கும் குறிப்பேடாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த பருவம் தொடங்குமுன் ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். முதலில் மூன்றாம் மாடியில் மட்டும் சோதித்துப் பாருங்கள், போன்களை அமைத்துத் தர நாங்கள் நாலு பேர் தயார். அந்த 2,000 ரூபாய் ரசீதை இத்துடன் இணைத்திருக்கிறேன். திருப்பித் தரும்போது டிஹெச்சிபி பதிவையும் ஒருமுறை அவனிடம் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி ஆய்வு மாணவன்