மிதக்கும் விதையெல்லாம் பதரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பகுதியில், கடற்கரையில் கண்டெடுத்த விதை என்னவென்று பேத்தியும் தாத்தாவும் தேடும் கதையைப் படித்தேன். தாத்தா அதைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து, "மிதக்கிறது, பதர், முளைக்காது" என்று கடலிலேயே எறிந்துவிடும் இடம் மனத்தை மிகவும் வருத்தியது.

கோலிக்குண்டு அளவு, சாம்பல் நிறம், கல் போன்ற ஓடு, அதைச் சுற்றி மெல்லிய வரிகள் என்று கதாசிரியரே எழுதியிருக்கிறார். அது கழற்சிக்காய் என்பதைத் தாங்கள் படித்த மாத்திரத்தில் அறிந்திருப்பீர்கள். மிதப்பதைக் கழிப்பது விதைநெல்லுக்கு உரிய சோதனை. நெல்லில் பால் பிடிக்காத மணிதான் மேலே வரும். கழற்சியோ உள்ளே காற்றுவெளி இருப்பதால் மிதக்கிறது. நீர் புகாத ஓடு உள்ளிருக்கும் பருப்பைக் காக்கிறது. அப்படி மிதந்துதான் அந்தக் கொடி வெப்பமண்டலக் கரைகளெங்கும் பரவியிருக்கிறது. மிதப்பதை வைத்து அதற்கு உயிர் உண்டா இல்லையா என்று சொல்லவே முடியாது.

முளைக்குமா என்று அறிய வழி இருக்கிறது. நான் பள்ளியில் தாவரவியல் நடத்திய காலத்தில், கரையில் பொறுக்கிய கழற்சிகளை மாணவர்கள் கையாலேயே முளைக்க வைத்திருக்கிறேன். காம்பு ஒட்டியிருந்த வடுவைத் தவிர்த்து, வேறொரு பக்கத்தைச் சொரசொரப்பான கல்லில் தேய்க்க வேண்டும். சாம்பல் நிறம் போய் உள்ளே வெளிறிய அடுக்கு தெரிந்ததும் நிறுத்திவிட்டு, இரவு முழுவதும் நீரில் ஊற வைக்க வேண்டும். காலையில் விதை பருத்திருந்தால் நீர் உள்ளே புகுந்துவிட்டது, மணலில் புதைக்கலாம். பழைய அளவிலேயே இருந்தால் இன்னும் சற்றுத் தேய்க்க வேண்டும். கொழகொழத்து நாற்றம் அடித்தால்தான் அது செத்த விதை. கதையில் அந்தக் குழந்தைக்கு இந்த ஓர் இரவுகூடக் கொடுக்கப்படவில்லை.

தங்கள் இதழில் இது முதல்முறையும் அல்ல. முன்பு ஒரு கதையில் பனைமரத்தின் கிளையில் குருவி கூடு கட்டியது. இன்னொன்றில் புன்னையும் புங்கமும் ஒரே மரமாயின. இரண்டுக்கும் கடிதம் எழுதினேன், ஒன்றும் வெளிவரவில்லை. மனிதர்களின் ஊரும் உறவும் பிழையின்றி இருக்க இத்தனை கவனம் எடுத்துக்கொள்ளும் தாங்கள், மரஞ்செடிகளை மட்டும் எப்படி எழுதினாலும் சரி என்று விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தைகள் அச்சில் வந்ததை நம்புகிறார்கள்.

அடுத்த இதழின் சிறுவர் பகுதியில், அந்த விதை கழற்சி என்றும், மிதந்தாலும் அது முளைக்கக்கூடும் என்றும் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.