உன் ஈறு அட்டவணையைப் படித்துப் பார்த்தேன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன், ரொம்ப சந்தோஷம். நான் இப்போது கிளினிக்கில் காலையில் மட்டும் உட்காருகிறேன். நாள் முழுக்கக் குனிந்து நின்று பல் பார்க்க முதுகு ஒத்துழைக்கவில்லை. அதனால் நிதானமாக எழுத நேரம் இருக்கிறது.

உன் பல் டாக்டர் கொடுத்த அட்டவணையில் இருக்கும் எண்கள் எதுவும் புரியவில்லை என்று எழுதியிருந்தாய். அவர் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்லிய அளவுகோல் கம்பி ஒன்றை விட்டு, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்திருக்கிறார். ஒவ்வொரு பல்லுக்கும் வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று என்று ஆறு இடங்களில் அளப்பார்கள். எண்கள் எல்லாம் மில்லிமீட்டர். 1 முதல் 3 வரை இருந்தால் நல்ல ஈறு. 4 என்றால் கவனிக்க வேண்டும். 5, 6 என்று போனால் அங்கே ஒரு பை உருவாகிவிட்டது என்று அர்த்தம்; அதன் அடிக்கு பிரஷ்ஷும் போகாது, பல் இடுக்கில் விடும் நூலும் போகாது. எண்ணுக்கு மேலே இருக்கும் சிவப்புப் புள்ளி, கம்பி பட்டதும் ரத்தம் வந்த இடம்.

உனக்கு முன்பற்களில் எல்லாமே 2, 1, 2. அங்கே கவலை இல்லை. கீழ் வலது பக்கக் கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கும் நடுவில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டு பல்லிலும், ஒன்றையொன்று பார்க்கும் பக்கத்தில் 6, சிவப்புப் புள்ளியோடு. அந்த இடுக்கில் பிரஷ் நுழைந்ததே இல்லை. அங்கே படிந்த கிருமிப் படலம் எச்சிலில் உள்ள தாதுக்களால் இறுகிக் காரையாகியிருக்கும். காரை ஆகிவிட்டால் வீட்டில் எவ்வளவு தேய்த்தாலும் வராது; அதன் சொரசொரப்பில் புதுப் படலம் இன்னும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் 6 என்ற எண்ணை மட்டும் வைத்து எலும்பு போய்விட்டது என்று முடிவுகட்டாதே. ஈறு வீங்கி மேலே எழும்பியிருந்தாலும் ஆழம் கூடுதலாகத்தான் காட்டும். எக்ஸ்ரே பார்த்தால்தான் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரியும். வீக்கம் மட்டும் என்றால் முழுதாகச் சரியாகிவிடும். டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர் 1965-ல் வெளியிட்ட ஆய்வில், நல்ல ஈறு உள்ளவர்களைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் தணிந்துவிட்டது. எலும்பு அப்படி இல்லை, கரைந்தது தானாகத் திரும்பாது. இதில் வலியும் இருக்காது. பல் ஆட ஆரம்பித்த பிறகு வருபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். புகைப்பவர்களுக்கு ரத்தக் கசிவுகூடக் குறைவாகவே தெரியும். நீ சிகரெட்டை விட்டது எவ்வளவு நல்லதாயிற்று!

அப்புறம், உன் சர்க்கரை. HbA1c என்ற மூன்று மாதச் சராசரி 8.6 சதவீதம் என்று எழுதியிருக்கிறாய். இதையும் அந்த 6-ஐயும் தனித்தனி நோயாகப் பார்க்காதே. சர்க்கரை கூடுதலாக இருக்கும்போது கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை, அழற்சி சீக்கிரம் அடங்குவதில்லை, புண்ணும் மெதுவாக ஆறுகிறது. அதனால் அதே அளவு அழுக்குக்கு உன் ஈறு மற்றவர்களைவிட அதிகம் கெடுகிறது. இது எதிர்த்திசையிலும் நடக்கிறது. ஈறில் ஓயாமல் இருக்கும் அழற்சியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் பொருட்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. பைகளை ஆழமாகச் சுத்தம் செய்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் அந்தச் சராசரி சுமார் 0.4 குறைவதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது. உன் கணக்கில் 8.6 என்பது 8.2 ஆகலாம். சிறிய குறைவுதான், மாத்திரையை நிறுத்த அது போதாது. ஆனால் சர்க்கரை டாக்டரிடம் இந்த அட்டவணையைக் காட்டத் தகுந்த அளவு பெரியது.

மாரடைப்பு வந்துவிடுமா என்று பயந்து கேட்டிருந்தாய். ஈறு நோய் உள்ளவர்களிடம் இதய நோய் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. இரண்டுக்கும் புகையும் சர்க்கரையும் பொதுவான காரணங்கள், அவற்றைக் கழித்த பிறகும் தொடர்பு மிஞ்சுகிறது. ஆனால் ஈறைச் சரிசெய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்று நிரூபணம் இல்லை என்று அமெரிக்க இதய சங்கம் 2012-ல் தெளிவாகச் சொன்னது. அதனால் இதயத்துக்கு ரத்த அழுத்தம், கொழுப்பு, நடைப்பயிற்சி ஆகியவற்றைப் பார். ஈறைப் பல்லுக்காகவும் சர்க்கரைக்காகவும் பார். செயற்கை வால்வு வைத்தவர்கள் விஷயம் வேறு. வாய்க் கிருமி ரத்தம் வழியாக வால்வில் போய் ஒட்டிக்கொள்ளலாம் என்பதால் சில பல் சிகிச்சைகளுக்கு முன்பே அவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்போம். உன் அண்ணனுக்கு வால்வு மாற்றியிருப்பதால் அவரிடம் இதை மறக்காமல் சொல்.

சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று யாரோ சொன்னார்களாமே, அதை நம்பித் தள்ளிப்போடாதே. வீக்கம் வடிந்ததும் ஈறு இறங்கும். பல் நீளமாகவும் இடைவெளி பெரிதாகவும் தெரியும், கொஞ்ச நாள் குளிர்ச்சி பட்டால் கூசும். எலும்பு ஏற்கெனவே போன இடத்தில் இத்தனை நாள் காரை மறைத்துக்கொண்டிருந்த ஆட்டமும் தெரியவரும். சுத்தம் செய்யும் நாளன்று காலையில் வழக்கம்போல் சாப்பிட்டு மாத்திரை போட்டுவிட்டுப் போ, வெறும் வயிற்றோடு போனால் சர்க்கரை இறங்கிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பதைச் சொல்லிவிடு. நீயாக அதை நிறுத்தாதே.

வீட்டில் நீ செய்ய வேண்டியதில் முக்கியமானது அந்த இடுக்குதான். பல் இடுக்குக்கென்று சின்ன பிரஷ் விற்கிறார்கள், அளவை டாக்டரையே தேர்ந்தெடுக்கச் சொல். இறுக்கமாக, ஆனால் திணிக்காமல் நுழைய வேண்டும். இரவு படுக்கும் முன் அதை ஓட்டிவிட்டு, மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்வாக வைத்து அசைத்து அசைத்துத் தேய். கீழ்ப்பல்லின் உள்பக்கத்தில் தொடங்கு, கடைசியில் வைத்தால் அது தப்பிவிடும். முதல் சில நாட்கள் ரத்தம் வரும். பயந்து நிறுத்தினால் அங்கேதான் மறுபடி படலம் சேரும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். ஓர் இடத்தில் மட்டும் நிற்கவில்லை என்றால் அங்கே உள்ளே காரை மிச்சமிருக்கிறது என்று டாக்டரிடம் சொல். வாய் கொப்பளிக்கும் மருந்து பைக்குள் போகாது, அதை நம்பி இருக்காதே.

ஈறு இறங்கினால் வேர் வெளியே தெரியும். அதன் மேல் எனாமல் கிடையாது, அதனால் சொத்தை சீக்கிரம் பிடிக்கும். உனக்கு வாய் வறட்சியும் இருக்கிறதே. எச்சில் குறைந்தால் அமிலத்தைக் கழுவ ஆள் இல்லை. ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட் வாங்கு, துலக்கிய பிறகு துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதே. வறட்சிக்கு மிட்டாய் சப்புவதை மட்டும் இன்றோடு விட்டுவிடு.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பார்கள், அந்த அட்டவணையையும் எனக்கு அனுப்பு. 6 இருந்த இடம் 4-க்கு வந்து சிவப்புப் புள்ளியும் போயிருந்தால், சில மாதங்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்துகொண்டு வந்தால் போதும். அப்படியே 6-ஆக ரத்தத்தோடு நின்றால், ஈறை விலக்கித் திறந்து சுத்தம் செய்யும் சின்ன அறுவையைப் பற்றிப் பேசுவார்கள். அப்போது முடிவெடுக்கும் முன் எனக்குப் போன் பண்ணு, எக்ஸ்ரேயைச் சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
முரளி